குணவதியின் பச்சைப் பொட்டுகள்

சிங்கப்பூரில், ஜாலான் புசாருக்கும் சிராங்கூன் சாலைக்கும் நடுவே, இரும்புச் சாமான் கடைகள் வரிசையாக நிற்கும் தெரு ஒன்றில், மாடியில் இருந்தது குணவதியின் அலுவலகம். கீழே இன்னமும் நட்டும் போல்ட்டும் விற்றுக்கொண்டிருந்தார்கள். மேலே நடந்தது கப்பல்களுக்கு உதிரிப் பாகம் விற்கும் வியாபாரம். சரக்கெல்லாம் தீவின் மேற்குக் கோடியில், துவாஸ் கிடங்கில். குணவதி அங்கே வேலைக்குச் சேர்ந்தபோது ஸ்டாக் கார்டுகளில் எழுதுவதுதான் வேலை. கார்டுகள் கம்ப்யூட்டருக்குள் போனபோது அவரும் கூடவே போனார். வேறு யாருக்கும் அதைத் தொடத் தைரியம் வரவில்லை என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. ஐம்பத்து மூன்று வயதில் அவர் ஐ.டி. மேனேஜர்.

குணவதியின் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக எல்லாரும் ஏதாவதொரு அலுவலகத்தில் ஏதாவதொரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தவர்கள். அடித்தல் திருத்தல் இல்லாத தாள் என்றால் அந்த வீட்டில் ஒரு தனி மரியாதை. குணவதியும் மாதாமாதம் அப்படியொரு தாளை முதலாளி சேதுபதியிடம் கொடுத்துவந்தார். சம்பள சிஸ்டம், மின்னஞ்சல், கிடங்கின் கேமராக்கள் என்று இடப்பக்கம் பெயர்கள்; வலப்பக்கம் ஒவ்வொன்றுக்கும் ஒரு வண்ணப் பொட்டு. சேதுபதி கண்ணாடியைத் தேட மாட்டார். தாளைக் கையை நீட்டிப் பிடித்து, நிறத்தை மட்டும் பார்ப்பார்.

எல்லாம் பச்சை. ஒன்று மட்டும் மஞ்சள்.

"குணா, இது ஏன் இன்னும் மஞ்சளா இருக்கு?"

"செர்ச் சிஸ்டம், மிஸ்டர் சேது. வேலை செய்யுது. சின்ன விஷயம்."

"சின்ன விஷயம்னா சீக்கிரம் முடிச்சிடலாமே லா."

அந்தத் தேடல் சிஸ்டத்தைக் கட்டியவள் யும்னா. கிளமெண்டியில் வீடு, பள்ளிக்கூடம் போகும் ஒரு மகள், வேலையில் கெட்டிக்காரி. கப்பல் சாமானில் ஒரு சங்கடம் உண்டு. ஒரே ரப்பர் சீலுக்கு நாலு கம்பெனி நாலு பெயர் வைத்திருக்கும். பழைய கையேடுகளையெல்லாம் ஸ்கேன் செய்து, அவற்றின் எழுத்துகளையும் சரக்கு விவரங்களையும் எலாஸ்டிக்சர்ச் என்கிற மென்பொருளுக்குள் போட்டு, எந்தப் பெயரில் தேடினாலும் சரியான சரக்கு வந்து நிற்கும்படி செய்திருந்தாள் யும்னா. மூன்று இயந்திரங்கள் ஒன்றாகச் சேர்ந்து ஒரே கிளஸ்டராக அந்த வேலையைப் பார்த்தன. விற்பனைப் பிரிவில் அதைக் கும்பிடாத குறை.

ஆனாலும் மஞ்சள் மஞ்சள்தானே. குணவதி யும்னாவை அழைத்து உட்காரவைத்தார்.

"எனக்கு ஒண்ணு சொல்லு. வேலை செய்யுற ஒண்ணு எதுக்கு மஞ்சள் காட்டுது?"

யும்னா மேசையில் இருந்த பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தாள். "அக்கா, நம்ம டேட்டாவ ஆறு துண்டாப் பிரிச்சு வெச்சிருக்கோம். ஒரு துண்டுக்குப் பேரு ஷார்டு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஒரிஜினல், அது பிரைமரி. அதுக்கு ஒரு காப்பி, அது ரெப்ளிகா. ஒரிஜினல் இருக்கிற மெஷின்லயே அதோட காப்பி உக்காராது. ஒரு மெஷின் செத்தா ரெண்டும் சேந்து போயிடும்ல?"

"சரி."

"எல்லா ஒரிஜினலும் எல்லா காப்பியும் எடம் புடிச்சு உக்காந்துட்டா பச்சை. ஒரிஜினல் எல்லாம் இருக்கு, ஆனா எதாவது ஒரு காப்பி எடம் கிடைக்காம நிக்குதுன்னா மஞ்சள். ஒரிஜினலே ஒண்ணு இல்லன்னா சிவப்பு. நமக்கு ரெண்டு காப்பி நிக்குது."

"ஏன் நிக்குது?"

"நானும் அதத்தான் கிளஸ்டர்கிட்ட கேட்டேன். ஏன் எடம் குடுக்கலன்னு கேட்டா அதுவே காரணம் சொல்லும். மூணு மெஷின்லயும் டிஸ்க் எண்பத்தஞ்சு பர்சென்ட்டத் தாண்டிடுச்சு. அதுக்கு மேல புதுசா காப்பிய ஏத்தாது. பெரிய டிஸ்க் போட்டா தானா பச்சை ஆயிடும்."

குணவதி டிஸ்க் வாங்க அனுமதி கேட்டு எழுதினார். வேலை செய்கிற ஒன்றுக்கு எதற்குப் புது சாமான் என்று சேதுபதி திருப்பிக் கேட்டார். அடுத்த மாதம் தாளை நீட்டிப் பிடித்து, ஏன் மஞ்சள் என்றும் கேட்டார். இரண்டு கேள்வியும் ஒரே வாயிலிருந்து வந்ததில் அவருக்கு ஒரு முரணும் தெரியவில்லை.

நாலைந்து மாதம் இப்படி ஓடியது. ஒருநாள் குணவதி யும்னாவின் மேசைக்கே போய் நின்றார்.

"எதுவும் வாங்காம இதப் பச்சை ஆக்க வழியே இல்லையா?"

யும்னா கீபோர்டைத் தள்ளிவைத்தாள். வழி இருக்கிறது என்பது அதிலேயே குணவதிக்குப் புரிந்துவிட்டது.

"காப்பி எண்ணிக்கைய சைபர்னு மாத்தினா பச்சை ஆயிடும் அக்கா. காப்பியே வேணாம்னு சொல்லிட்டா, காப்பி இல்லன்னு அது ஏன் மஞ்சள் காட்டப்போவுது? ஆனா இப்ப நல்லா உக்காந்திருக்கிற நாலு காப்பியையும் சேத்து அழிச்சிடும். எல்லாத்துக்கும் ஒரே ஒரு ஒரிஜினல்தான் மிஞ்சும். நான் செய்ய மாட்டேன்னு சொல்லல. செய்யாதீங்கன்னு சொல்றேன்."

"இத்தனை வருஷத்துல எந்த மெஷின் செத்துச்சு?"

"எதுவும் இல்ல."

"அப்புறம் என்ன?"

ஒரு வரிக் கட்டளை. பொட்டு பச்சையாக மாறியது. காப்பிகள் போனதால் டிஸ்க்கிலும் தாராளமாக இடம் விழுந்தது. அதையும் ஒரு சாதனையாகக் குணவதி தாளின் அடியில் குறிப்பிட்டார். பாதுகாப்பு பாதியாகக் குறைந்த மாதத்தில்தான் அந்த நிறுவனம் முதல்முறையாக முழுப் பச்சை ஆனது. வருடக் கடைசி விருந்தில் சேதுபதி அவரை மேடைக்கு அழைத்து, 'முழுப் பச்சை' என்று பொறித்த கண்ணாடிக் கேடயம் ஒன்றைக் கொடுத்தார். குணவதி அன்று மாம்பழ நிறச் சேலை கட்டியிருந்தார். யும்னாவும் கை தட்டினாள். கொஞ்சம் மெதுவாகத் தட்டினாள், அவ்வளவுதான்.

அந்தக் கேடயத்தின் உற்சாகத்தில் சேதுபதி ஒரு பெரிய திரையும் வாங்கி, வரவேற்பறைச் சுவரில் மாட்டினார். பொட்டுகள் எல்லாம் அதில் நாள் முழுக்க ஒளிர்ந்தன. வருகிற வாடிக்கையாளர்களிடம் கையைக் காட்டுவார்: "எல்லாம் பச்சை." டிஸ்க்குக்கு இல்லாத மனம் திரைக்கு எப்படி வந்தது என்று குணவதி ஒருமுறை நினைத்தார். கேட்கவில்லை.

அடுத்த ஆண்டு, ஒரு புதன்கிழமைக் காலை. குணவதி பிடோக்கிலிருந்து பஸ் பிடித்து, தேக்கா சந்தையில் ஒரு தோசையை முடித்துவிட்டு, படியேறி உள்ளே வந்தார். வரவேற்பறைத் திரையில் தேடல் சிஸ்டத்தின் பொட்டு சிவப்பாக இருந்தது. அதுவரை அந்தத் திரையில் சிவப்பு வந்து யாரும் பார்த்ததில்லை. வரவேற்பில் இருந்த பெண் அது பண்டிகை அலங்காரம் என்று நினைத்திருந்தாள்.

யும்னா ஏற்கெனவே சர்வர் அறையில் குனிந்திருந்தாள்.

"மூணாவது மெஷின் அக்கா. பவர் சப்ளை போயிடுச்சு. டிஸ்க்குக்கு ஒண்ணும் ஆகியிருக்காதுன்னு நெனைக்கிறேன். உபி தொழிற்பேட்டையில இருக்கிற வென்டர்கிட்ட பேசிட்டேன், நாளைக்குக் காலையில பார்ட் கொண்டுவருவாங்க."

"எத்தனை துண்டு?"

"ரெண்டு. ரெண்டும் ஒரிஜினல்."

காப்பிகள் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யும்னா சொல்லவில்லை. குணவதிக்கே தெரிந்தது. செத்த இயந்திரத்தில் இருந்த இரண்டு ஒரிஜினலுக்கும் மற்ற இயந்திரங்களில் காப்பி இருந்திருந்தால், அந்தக் காப்பிகளே ஒரிஜினலாகப் பதவி ஏற்றிருக்கும். திரையில் வெறும் மஞ்சள்தான் தெரிந்திருக்கும். எந்த மஞ்சளைத் துரத்த அத்தனை மாதம் பாடுபட்டாரோ அதே மஞ்சள்! இன்றைக்கு அது வந்தால் கற்பூரம் காட்டி வரவேற்றிருப்பார்.

யும்னா திரையைத் திருப்பிக் காட்டினாள். ஏன் இடம் ஒதுக்கவில்லை என்ற கேள்விக்குக் கிளஸ்டர் பதில் சொல்லியிருந்தது. இந்தத் துண்டின் பிரதி ஒன்று முன்பு இருந்தது, இப்போது சேர்ந்திருக்கும் இயந்திரங்கள் எதிலும் அதைக் காணவில்லை என்று இருந்தது அதில். வெகு நிதானமான ஆங்கிலம்.

அப்போது துவாஸிலிருந்து போன் வந்தது. கிடங்கு சூப்பர்வைசர் நூருல் அமீன்.

"குணா மேடம், செர்ச்சுக்கு என்ன ஆச்சு? கிழக்கு நங்கூரப் பகுதியில நிக்கிற கப்பலுக்குப் பம்பு சீல் கேட்டிருக்காங்க. சேல்ஸ்ல தேடிப் பாத்துட்டு ஸ்டாக் இல்லன்னு சொல்லிட்டாங்களாம். ரோட்டர்டாம்ல ஆர்டர் வேற போட்டுட்டாங்க. அந்த சீல் எங்க ரேக்குல இருக்கு மேடம். கையில வெச்சிக்கிட்டுத்தான் பேசுறேன்."

"நீங்க தேடிப் பாத்தீங்களா?"

"பாத்தேன். ஸ்கிரீன்ல இல்ல, கையில இருக்கு. இன்னொண்ணு, காலையில வந்த சரக்க என்ட்ரி போட்டா சிலது சேவ் ஆவுது, சிலது சுத்திக்கிட்டே நின்னு எரர் அடிக்குது."

குணவதி போனைக் கையால் பொத்திக்கொண்டு யும்னாவைப் பார்த்தார். "தேடல் வேலை செய்யுதா, செய்யலையா?"

"அதான் அக்கா பிரச்சனையே. செய்யுது. மிச்சம் இருக்கிற நாலு துண்டுல தேடி, கிடைச்சதக் குடுக்குது. ரெண்டு துண்டு பதில் சொல்லலன்னு கூடவே சொல்லும். ஆனா நம்ம ஸ்கிரீன எழுதின வெளிக் கம்பெனிக்காரங்க அந்தத் தகவல யாருக்கும் காட்டாம விட்டுட்டாங்க. சேல்ஸுக்கு அது 'சரக்கு இல்ல'ன்னுதான் தெரியும். புது என்ட்ரியும் அப்படித்தான், எந்தத் துண்டுக்குப் போவுதோ அதப் பொறுத்து. காணாமப் போன துண்டுக்குப் போனா மாட்டிக்கும்."

முழுசாக நின்றுபோயிருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. எல்லாரும் காபி குடிக்கப் போயிருப்பார்கள். பாதி உயிரோடு, அதே மரியாதையோடு, அதே வேகத்தில், "இல்லை" என்று சொல்லிக்கொண்டிருந்தது அது.

குணவதி நூருல் அமீனிடம் சொல்லிவிட்டுப் போனை வைத்தார். பிறகு விற்பனைப் பிரிவுக்கும் துவாஸுக்கும் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி தட்டினார். 'இன்று தேடலில் சரக்கு இருக்கிறது என்று வந்தால் நம்புங்கள். இல்லை என்று வந்தால் நம்பாதீர்கள். துவாஸுக்குப் போன் செய்து ரேக்கைப் பார்க்கச் சொல்லுங்கள்.' ஐ.டி. மேனேஜராக அவர் எழுதியதிலேயே மிகவும் உபயோகமான மூன்று வாக்கியங்கள் இவை. இவற்றுக்கு யாரும் கேடயம் கொடுக்கவில்லை.

செய்தி போய்ச் சேர்ந்த சூட்டோடு சேதுபதி கூப்பிட்டார்.

அன்று மதியம் ஒரு பெரிய கப்பல் நிர்வாகக் கம்பெனியிலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது. வருடம் முழுக்க வாங்கும் ஒப்பந்தம். சேதுபதி புது டை கட்டியிருந்தார்.

"நம்பாதீங்கன்னு எழுதியிருக்கியே குணா? நம்ம சிஸ்டம் கெட்டுப்போச்சுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிடாதா?"

"கெட்டுத்தான் போயிருக்கு, மிஸ்டர் சேது."

"அவங்க வர்றதுக்குள்ள பச்சை ஆவுமா?"

குணவதி யும்னாவை அறைக்கு அழைத்துவந்தார். யும்னா சுற்றி வளைக்கவில்லை. "ஆக்கலாம் சார். காணாமப் போன ரெண்டு துண்டுக்குப் பதிலா ரெண்டு வெறும் துண்ட ஒரிஜினலா வெக்கச் சொல்லி கட்டளை இருக்கு. குடுத்தா சில செகண்டுல பச்சை."

"பின்ன என்ன? போடு. நாளைக்கு பார்ட் வந்ததும் பழையத எடுத்து வெச்சிக்கலாம்."

"வெக்க முடியாது சார். வெறும் துண்டு ஒரிஜினல் ஆயிட்டா, அந்த மெஷின் திரும்பி வரும்போது அதுல இருக்கிறது செல்லாது. கிளஸ்டர் அதத் தூக்கிப் போட்டுடும். சரக்கு விவரத்த மெயின் டேட்டாபேஸ்லேருந்து திரும்ப ஏத்தலாம். ஸ்கேன் பண்ணின கையேடு எழுத்தெல்லாம் திரும்பப் படிக்க வெக்கணும், அதுக்கு வாரக்கணக்காவும்."

"அப்படியெல்லாமா நடந்துடும்? நீங்க ஐ.டி.காரங்க எப்பவும் பயமுறுத்துவீங்க."

யும்னா தன் மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினாள். கட்டளையின் கடைசி வரியில், தரவு இழப்பை ஏற்கிறேன் என்பதற்கு எதிரே 'ஆம்' என்று எழுதவேண்டியிருந்தது. எழுதாவிட்டால் கட்டளை ஓடாது. அந்த மென்பொருளைச் செய்தவர்களுக்கே அந்தக் கட்டளைமீது அத்தனை சந்தேகம் இருந்திருக்கிறது.

சேதுபதி இந்தமுறை கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு படித்தார். பிறகு குணவதியைப் பார்த்தார்.

"போன வருஷம் நீ எவ்வளவு ஈசியா பச்சை ஆக்கினே? அப்ப இதெல்லாம் சொல்லலையே."

குணவதி மடிக்கணினியை அவர் பக்கம் இன்னும் நகர்த்தினார். "அப்ப யும்னா சொன்னா. நான் கேக்கல. அந்தப் பச்சையாலதான் இன்னைக்கு இது சிவப்பு. இன்னொரு தடவ அப்படிப் பச்சை ஆக்க நான் சொல்ல மாட்டேன். நீங்க சொன்னா, உங்க கையாலயே அந்த 'ஆம்' எழுதிடுங்க."

அவர் எழுதவில்லை. முப்பது வருடத்தில் சேதுபதி கையெழுத்துப் போடத் தயங்கிய இடங்கள் குறைவு. இது அவற்றில் ஒன்று. "சரி, அந்தத் திரைய ஆஃப் பண்ணுங்க," என்றார். ஆஃப் செய்தால் கறுப்பாகக் கிடந்து இன்னும் அசிங்கமாக இருக்குமென்று வரவேற்புப் பெண் சொன்னாள். கடைசியில் அதில் தாவரவியல் பூங்காவின் ஆர்க்கிட் படம் ஒன்றை ஓடவிட்டார்கள்.

வந்தவர்கள் மூன்று பேர். அவர்களில் மூத்தவர் ஒரு டச்சுக்காரர், பல வருடம் கப்பலில் தலைமைப் பொறியாளராக இருந்தவர். ஆர்க்கிட்டை மரியாதைக்குப் பார்த்துவிட்டு, தேடலைக் காட்டுங்கள் என்றார். எண்ணெய் சுத்திகரிப்பானின் ஒரு கேஸ்கெட்டை, இன்று எந்தக் கம்பெனியும் பயன்படுத்தாத பழைய பெயரில், டச்சுக்காரர் தாமே தட்டினார்.

உடனே வந்தது. துவாஸ், பத்தாவது வரிசை, இரண்டு கைவசம். பக்கத்திலேயே ஒரு பழைய கையேட்டின் பக்கமும் வந்து நின்றது. இருக்கிற நாலு துண்டில் ஒன்றில் அது இருந்திருக்கிறது, அவ்வளவுதான். டச்சுக்காரர் மற்ற இருவரிடமும் திரும்பி, இதுபோல் நாம் எங்கும் பார்த்ததில்லை என்றார். இன்னும் இரண்டு பெயர் தட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை யும்னாவும் குணவதியும் ஒருவரையொருவர் பார்க்காமலே பகிர்ந்துகொண்டார்கள். தட்டவில்லை. சாப்பிட மீகோரெங் நூடுல்ஸும் வடையும் வந்துவிட்டன.

போகும்போது குணவதிக்குப் பொறுக்கவில்லை. படி இறங்கும் இடத்தில் டச்சுக்காரரிடம், இன்று எங்கள் தேடலில் ஒரு பகுதி வேலை செய்யவில்லை, நாளை சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டார். அவர் சிரித்தார். எதையுமே ஒத்துக்கொள்ளாத சப்ளையர்களைப் பார்த்துச் சலித்தவர் போலிருக்கிறது; அல்லது அவர் காதில் சரியாக விழவில்லை. எது என்று குணவதிக்குக் கடைசிவரை தெரியவில்லை. ஒப்பந்தம் கிடைத்தது.

நூருல் அமீன் அந்த சீலைத் தானே எடுத்துக்கொண்டு போய்ப் படகில் ஏற்றிக் கப்பலுக்கு அனுப்பிவிட்டார். ரோட்டர்டாம் ஆர்டரை நிறுத்த முடியவில்லை. அது தன்பாட்டுக்கு வந்து சேர்ந்து, துவாஸ் ரேக்கில் உட்கார்ந்துகொண்டது.

வியாழக்கிழமை பவர் சப்ளை மாற்றியதும் மூன்றாவது இயந்திரம் எழுந்து கிளஸ்டரில் சேர்ந்தது. அதன் டிஸ்க்கில் இருந்த இரண்டு ஒரிஜினலும் யாரும் சொல்லாமலே தங்கள் இடத்தில் உட்கார்ந்தன. பொட்டு பச்சையானது. வரவேற்புப் பெண் கை தட்டினாள். குணவதிக்கு அந்தப் பச்சையைப் பார்த்து ஒரு நிம்மதியும் வரவில்லை. ஒற்றை ஒரிஜினல் மட்டுமே உள்ள பச்சை. நேற்றுக் காலைக்கு முன் இருந்த அதே பச்சை.

ஒப்பந்த மகிழ்ச்சியில் சேதுபதி டிஸ்க் வாங்கும் அனுமதியில் ஒன்றும் கேட்காமல் கையெழுத்திட்டார். இந்தச் சம்பவத்திலிருந்து எதையாவது கற்றுக்கொண்டு போட்டாரா, இல்லை ஒப்பந்தம் கிடைத்ததால் போட்டாரா என்று கேட்டால், இரண்டாவதுதான். டிஸ்க் வந்தது. யும்னா காப்பி எண்ணிக்கையைத் திரும்பவும் ஒன்று என்று மாற்றினாள். புதுக் காப்பிகள் ஒவ்வொன்றாக நிரம்பத் தொடங்கின. அதுவரைக்கும் பொட்டு மஞ்சளாக நின்றது.

சேதுபதி வரவேற்பறையிலிருந்து ஓடிவந்தார். "குணா, டிஸ்க் வாங்கிக் குடுத்தும் மஞ்சளா?"

"காப்பி எழுதிக்கிட்டிருக்கு, மிஸ்டர் சேது. எழுதி முடியுறவரைக்கும் மஞ்சள்தான். இது நல்ல மஞ்சள்."

"நல்ல மஞ்சள்னு ஒண்ணு இருக்கா?"

"இருக்கு. மோசமான பச்சையும் இருக்கு."

அவர் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அன்று சாயங்காலத்துக்குள் பொட்டு பச்சையானது, இம்முறை உண்மையாகவே. ஆனால் சேதுபதி மனதில் ஒரு முள் தங்கிவிட்டது. மாதத் தாளைக் கையில் கொடுத்தால் இப்போதெல்லாம் முதலில் கண்ணாடியைத்தான் தேடுகிறார். ஒவ்வொரு பச்சைப் பொட்டின் மேலும் விரலை வைத்து, "இது எந்தப் பச்சை?" என்று கேட்கிறார். சம்பள சிஸ்டத்துக்கும் கேட்கிறார், மின்னஞ்சலுக்கும் கேட்கிறார், கிடங்குக் கேமராவுக்கும் கேட்கிறார். முன்பு ஒரு நிமிடத்தில் முடிந்த கூட்டம் இப்போது மதியச் சாப்பாட்டு நேரத்தைத் தின்கிறது.

"எல்லாம் நல்ல பச்சைதான்," என்கிறார் குணவதி.

"எப்படித் தெரியும்?"

குணவதி பெருமூச்சு விட்டு, யும்னாவையும் கூப்பிட்டு, முதல் பொட்டிலிருந்து விளக்க ஆரம்பிக்கிறார்.